பதினைந்து ஆண்டுத் தவணைக்கு இன்றைய விலை

2004 ஜனவரிக்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் ஓய்வு பெறும் ஒருவர், தம் அடிப்படை ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரையிலான பகுதியை மாதந்தோறும் வாங்காமல் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். அலுவலக வழக்கில் கம்யூட்டேஷன் என்றும், அரசாணைத் தமிழில் ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல் என்றும் இது சொல்லப்படுகிறது. விட்டுக்கொடுத்த பகுதி பதினைந்து ஆண்டுகள் மாதந்தோறும் பிடிக்கப்பட்டு, அதன்பின் முழு ஓய்வூதியம் மீண்டும் கிடைக்கத் தொடங்கும். இன்றைக்கு ஒரு தொகையா, வரும் ஆண்டுகளில் சிறிது சிறிதாகவா என்ற கேள்வி பொருளியல் நூல்களில் பல வடிவங்களில் வந்தாலும், ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, பின்னர் மாற்ற முடியாதபடி தீர்மானிக்க வேண்டிய கேள்வியாக அது சாதாரணக் குடும்பங்களின் முன் வந்து நிற்கும் இடங்களில் இது முக்கியமானது.

தொகை எவ்வளவு என்பதை ஒரு வாய்பாடு தீர்மானிக்கிறது. தொகுக்கப்படும் மாத ஓய்வூதியத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, வரும் பிறந்தநாளில் நிறையும் வயதுக்கு உரிய காரணியால் மீண்டும் பெருக்க வேண்டும். அறுபது வயதில் ஓய்வு பெறுபவருக்கு வரும் பிறந்தநாளில் 61 நிறைவதால், அவருக்குரிய காரணி 8.194. அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாயாக உள்ள ஒருவர் அதில் 40 சதவீதத்தை, அதாவது மாதம் 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், அவருக்குக் கிடைப்பது 12,000 × 12 × 8.194 = 11,79,936 ரூபாய். ஏறத்தாழ 11.80 லட்சம் என்று கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளில், 180 மாதங்களில், அவரிடமிருந்து பிடிக்கப்படுவதோ 21.60 லட்சம்.

ஓய்வூதியர் கூட்டங்களில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்பட்டு, பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் அரசின் இலாபம் என்று காட்டப்படுவது வழக்கம். இதே வாதத்தின் இன்னொரு வடிவம், 11.80 லட்சத்தை 12,000-ஆல் வகுத்து, 98 மாதங்களில், அதாவது எட்டு ஆண்டு இரண்டு மாதத்தில், கொடுத்த பணம் திரும்பிவிடுகிறது என்றும் அதற்குப் பின் பிடிப்பதெல்லாம் அநியாயம் என்றும் முடிக்கிறது. கணக்கில் பிழை இல்லை. பிழை, வெவ்வேறு நாட்களுக்குரிய ரூபாய்களை ஒரே ரூபாயாக எண்ணிக் கூட்டியதில் இருக்கிறது. இதே முறையில் பார்த்தால் எந்த வங்கியின் வீட்டுக்கடனும் அநியாயமாகத்தான் தோன்றும். பிடித்தம் பதினைந்து ஆண்டு நீள்வது நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு உண்மையில் பதில் உண்டு. ஆனால் அதை இந்தக் கழித்தலால் கண்டுபிடிக்க முடியாது.

வெவ்வேறு நாட்களில் வரும் பணத்தை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முறைக்கு நிகழ்கால மதிப்புக் கணக்கு என்று பெயர். எதிர்காலத்தில் ஒரு நாளில் கிடைக்கவிருக்கும் தொகையை அந்த நாளில் எட்ட வேண்டுமானால், இன்று எவ்வளவு பணத்தை வட்டிக்கு விட வேண்டுமோ அதுவே அத்தொகையின் நிகழ்கால மதிப்பு. ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி கிடைக்கும் என்றால், இன்றைய 100 ரூபாய் ஓராண்டில் 108 ஆகும். எனவே ஓராண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 100-ஐ 1.08-ஆல் வகுத்து வரும் 92.59 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து வருவதை 1.08-ஆல் இருமுறை வகுக்க வேண்டும், 85.73 கிடைக்கும், பத்தாம் ஆண்டின் 100 ரூபாய் இன்று 46.32, பதினைந்தாம் ஆண்டின் 100 ரூபாய் இன்று 31.52. எத்தனை ஆண்டோ அத்தனை முறை 1.08-ஆல் வகுக்கப்படுவதால், அதாவது ஆண்டின் எண்ணிக்கை 1.08-இன் மேல் அடுக்காக ஏறுவதால், இம்முறை அடுக்குக்குறிக் கழிவு எனப்படுகிறது. 8 சதவீதம் என்ற எண்ணுக்குக் கழிவு வீதம் என்று பெயர். கூட்டு வட்டியைத் தலைகீழாகத் திருப்பியதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஆண்டுக்கு எட்டு எட்டாக நேராகக் கழித்தால் என்ன என்ற ஐயம் எழக்கூடும். அப்படிக் கழித்தால் பன்னிரண்டரை ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் மதிப்பு பூச்சியமாகி, அதற்கு அப்பால் வருவது எதிர்மறை ஆகிவிடும். பதினைந்தாம் ஆண்டில் பணம் வாங்குபவர் இன்று கைக்காசு கொடுத்து அதை வாங்க வேண்டியிருக்கும் என்பது பொருளற்றது. தனி வட்டிக் கணக்கைத் தலைகீழாக்கினால் இந்தக் கேடு நேராது. பதினைந்து ஆண்டுக்குத் தனி வட்டி 120 சதவீதம் என்பதால் 100-ஐ 2.20-ஆல் வகுத்து 45.45 என்று மதிப்பு வரும். ஆனால் அதே 100 ரூபாயை முதலில் எட்டு ஆண்டு பின்னுக்குக் கொண்டுவந்து ஏழாம் ஆண்டில் நிறுத்தி, அங்கிருந்து மீண்டும் ஏழு ஆண்டு பின்னுக்கு இழுத்தால், 39.09 கிடைக்கிறது. வழியில் எங்கே நின்று இளைப்பாறினோம் என்பதைப் பொறுத்து விலை மாறும் கணக்கை எந்த ஒப்பந்தத்துக்கும் அடிப்படையாகக் கொள்ள முடியாது. எங்கே பிரித்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை விதித்து, வீதம் மாறாது என்றும் கொண்டால், அடுக்குக்குறி வடிவத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. பத்தாம் ஆண்டின் 100 ரூபாயையும் பதினொன்றாம் ஆண்டின் 108 ரூபாயையும் இன்று சமமாக மதிப்பவர், அந்த நாள் வந்து சேர்ந்த பின்னும் அவற்றைச் சமமாகவே மதிப்பார் என்பதே அந்நிபந்தனையின் நடைமுறைப் பொருள். மனிதர்களின் விருப்பங்களுக்கு இந்த வடிவத்தை 1937-இல் முன்வைத்த பொருளியலாளர் பால் சாமுவல்சன், மனிதர்கள் உண்மையில் இப்படித்தான் நடக்கிறார்கள் என்று உரிமை கொண்டாடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இப்போது 180 மாதப் பிடித்தத்தின் நிகழ்கால மதிப்பைக் காணலாம். ஒவ்வொரு மாதத் தொகையையும் தனித்தனியே கழித்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதை விட ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போவதால், பள்ளிக் கணிதத்தின் பெருக்குத் தொடர் வாய்பாட்டால் இந்த 180 எண்களின் கூட்டுத்தொகை ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. மாத வட்டி வீதம் i என்றால்:

```
PV = 12000 × (1 − (1 + i)^−180) / i
```

இங்கே ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் என்பதைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு 0.667 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், அது பன்னிரண்டு மாதங்களில் கூட்டு வட்டியாக வளர்ந்து 8.30 சதவீதம் ஆகிவிடும். ஆண்டு முடிவில் சரியாக 8 சதவீதமாக நிற்கும் மாத வீதம் 0.643 சதவீதமே. இந்த வீதத்தில் மேற்கண்ட வாய்பாடு தரும் விடை 12.77 லட்சம். கையில் கிடைப்பது 11.80 லட்சம், விட்டுக்கொடுப்பதன் இன்றைய மதிப்பு 12.77 லட்சம். ஆக, 8 சதவீத வட்டி உறுதியாகக் கிடைக்கும் ஒருவருக்கு, பதினைந்து ஆண்டும் அவர் உயிரோடு இருப்பார் என்று வைத்துக்கொண்டால், தொகுத்துப் பெறுவதில் ஏறத்தாழ ஒரு லட்சம் நட்டம். பத்து லட்சம் என்று மேடையில் சொல்லப்பட்ட எண்ணில் பத்தில் ஒரு பங்குதான் மெய்யான நட்டம்.

வீதத்தை மாற்றினால் முடிவும் மாறுகிறது. 7 சதவீதத்தில் விட்டுக்கொடுப்பதன் மதிப்பு 13.53 லட்சமாக உயர்கிறது. 10 சதவீதத்தில் 11.45 லட்சமாகவும், 12 சதவீதத்தில் 10.34 லட்சமாகவும் இறங்குகிறது. இடையில் எங்கோ ஒரு வீதத்தில் இரு தட்டும் சமமாகும். அந்தச் சமநிலை வீதத்தை அறிந்துவிட்டால், ஒவ்வொரு வீதத்துக்கும் தனித்தனிக் கணக்குப் போட வேண்டியதில்லை. அதை நேரடி வாய்பாட்டால் கண்டுபிடிக்க முடியாது, மதிப்புகளை இட்டு இட்டு நெருங்க வேண்டும். கணினியில் எந்த விரிதாளும் அந்த வேலையைச் செய்துவிடும்.

```
=RATE(180, -12000, 1179936)
```

இது தரும் மாத வீதம் 0.754 சதவீதம், ஆண்டுக்குக் கூட்டு வட்டியாக 9.43 சதவீதம். அரசு தம்மிடம் 11.80 லட்சத்தைக் கடனாகத் தந்து, 9.43 சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுத் தவணையாக வசூலிக்கிறது என்று ஓய்வூதியர் இதைப் புரிந்துகொள்ளலாம். விட்டுக்கொடுத்தது 12,000 அல்லாமல் 5,000 ஆனாலும் இந்த வீதம் மாறாது, ஏனெனில் தொகையும் பிடித்தமும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன.

அடுத்து வருவதுதான் கடினமான பகுதி: ஒருவர் தமக்கென்று எந்தக் கழிவு வீதத்தைக் கொள்வது? அது நாட்டுக்கெல்லாம் பொதுவான எண் அன்று. அந்தப் பணம் கைக்கு வந்தால் அவரிடம் அது என்ன செய்யும் என்பதே அவருடைய வீதம். கையில் வந்த பணம் நேரே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலோ வங்கி வைப்பிலோ போய்ச் சேருமானால், அங்கே கிடைக்கும் ஏழோ எட்டோ சதவீதமே அவருடைய கழிவு வீதம், 9.43-க்குக் கடன் வாங்கி 8-க்கு வைப்பில் போடுவது யாருக்கும் உவப்பான வணிகம் அன்று. ஆனால் மகளின் திருமணத்துக்காக 13 சதவீதத்தில் வாங்கிய தனிநபர் கடன் நிலுவையில் இருக்கும் ஒருவருக்கு, அந்தக் கடனை அடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் 13 சதவீதம் சம்பாதிப்பதாகத்தான் பொருள். அவர் தயங்காமல் தொகுத்துப் பெறலாம். ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே நாளில், ஒரே ஓய்வூதியத்தோடு வெளிவரும் இருவருக்கு எதிரெதிரான முடிவுகள் சரியாக இருப்பது இதனால்தான்.

மக்கள் நடப்பில் எந்த வீதத்தைக் கொள்கிறார்கள் என்பதை அமெரிக்கப் படை ஒருமுறை பெரிய அளவில், ஆய்வு நோக்கம் ஏதுமின்றியே, வெளிக்கொண்டுவந்தது. 1990-களின் தொடக்கத்தில் படையைக் குறைக்க முடிவெடுத்த அந்நாட்டு அரசு, விலகுவோருக்கு ஒரு மொத்தத் தொகை அல்லது பல ஆண்டுகளுக்கு ஆண்டுத்தொகை என்று இரு வழிகளைத் திறந்தது. இரண்டும் சமமாகும் வீதம் 17 சதவீதத்துக்கும் மேல், அதாவது அப்போது அரசுப் பத்திரங்கள் தந்த வட்டியைவிட மிக உயரத்தில் இருந்தது. ஜான் வார்னர், சால் பிளீட்டர் ஆகிய இருவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதிகாரிகளில் பாதிக்கு மேற்பட்டோரும், சிப்பாய்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேலும் மொத்தத் தொகையையே எடுத்துக்கொண்டனர். அவர்களில் பலருக்கு உயர் வட்டிக் கடன் இருந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். எல்லோருக்கும் அப்படி இருந்திருக்க முடியாது. உடனடியாகக் கிடைப்பதற்கு மட்டும் மனம் கூடுதல் மதிப்புக் கொடுத்து, அதற்குப் பிந்திய ஆண்டுகளை ஓரளவு ஒரே மாதிரி நடத்துகிறது என்பது இதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளின் போக்கு. சாமுவல்சனின் வடிவம் மனித நடத்தையின் படமாக இல்லாமல், அந்த நடத்தையைச் சரிபார்க்கும் அளவுகோலாக நின்றுவிட்டதும் இதனால்தான்.

மீண்டும் 8.194 என்ற காரணிக்கு வரலாம், ஏனெனில் அதில் இதுவரை கணக்கில் கொள்ளாத ஒன்று ஒளிந்திருக்கிறது. இத்தகைய காரணியின் மூதாதை, வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693-இல் வெளியிட்ட ஓர் அட்டவணை. இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு எஞ்சுகிறார்கள் என்று அவர் கணக்கிட்டார். பின்னர், உயிரோடு இருக்கும் வரை ஆண்டுக்கு ஒரு பவுண்டு பெறும் உரிமையின் விலையைக் காண, ஒவ்வோர் எதிர்கால ஆண்டுக்கும் அந்த ஆண்டில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பையும் 6 சதவீதக் கழிவையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினார். பத்து வயதுச் சிறுவனுக்கு 13.44 என்றும், அறுபது வயது முதியவருக்கு 7.60 என்றும் அவருக்கு விடை வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்து அரசு ஆண்டுக்கு 14 பவுண்டு தரும் ஆயுள் உரிமையை வயது பாராமல் 100 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 7.14 என்ற காரணியில் விற்றுக்கொண்டிருந்தது. சிறுவர்களின் பெயரில் வாங்கியவர்களுக்கு அது பாதி விலை. ஹாலியின் 7.60-உம் இன்றைய 8.194-உம் ஒரே இனத்தைச் சேர்ந்த எண்கள்: பின்னதில் கழிவு வீதம் 8 சதவீதமாக உயர்ந்திருந்தும் காரணி பெரிதாக இருப்பதற்குக் காரணம், பதினேழாம் நூற்றாண்டு பிரெஸ்லாவின் அறுபது வயதினரைவிட இன்றைய ஓய்வூதியர் நீண்ட நாள் வாழ்வதுதான்.

உயிர்வாழும் வாய்ப்பு இங்கே ஏன் முக்கியம் என்றால், தொகுத்துப் பெற்றவர் பதினைந்து ஆண்டு முடியுமுன் இறந்துவிட்டால் பிடித்தம் அன்றோடு நின்றுவிடும். மீதியை யாரும் குடும்பத்திடம் கேட்பதில்லை, குடும்ப ஓய்வூதியமும் அதனால் குறைவதில்லை. தொகுக்காமல் விட்டிருந்தால், அவர் காலத்துக்குப் பின் அந்த 12,000 எப்படியும் வந்திராது. அதாவது விட்டுக்கொடுக்கப்படும் ஒவ்வொரு மாதத் தொகையும் அவர் அந்த மாதத்தில் இருந்தால் மட்டுமே விட்டுக்கொடுக்கப்படுகிறது. இதைக் கணக்கில் சேர்க்கும்போது அடுக்குக்குறி வடிவத்தின் ஓர் அழகான பண்பு வெளிப்படுகிறது: ஆண்டுக்கு 100 பேரில் 2 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டின் ஒரு ரூபாயை 1.08-ஆல் வகுப்பதோடு 0.98-ஆல் பெருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1.102-ஆல் வகுப்பதற்குச் சமம். ஆண்டுதோறும் ஒரே அளவாக இருக்கும் இறப்பு வாய்ப்பு, கழிவு வீதத்தில் கூடுதலாக ஏற்றப்பட்ட வட்டியாகவே நடந்துகொள்கிறது. 8 சதவீத வைப்பு வட்டி 10.2 சதவீதக் கழிவாக மாற, விட்டுக்கொடுப்பதன் மதிப்பு 11.32 லட்சமாக இறங்கி, கையில் வரும் 11.80 லட்சத்துக்குக் கீழே போய்விடுகிறது. முன்பு நட்டமாகத் தெரிந்த பேரம் இப்போது இலாபமாகிறது. இறப்பு வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு சதவீதம் மட்டும் என்றால் கழிவு 9.09 சதவீதம், மதிப்பு 12.02 லட்சம், ஆகவே சற்று நட்டம். இரு தட்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 1.3 சதவீதம்.

உண்மையில் இறப்பு வாய்ப்பு ஆண்டுதோறும் ஒரே அளவாக இருப்பதில்லை, வயதோடு ஏறுகிறது. ஆகவே துல்லியமான கணக்குக்கு, ஹாலி செய்ததுபோல ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி வாய்ப்பை இட்டுக் கூட்ட வேண்டும். ஒரே எண்ணை வைத்துப் போடும் எளிய கணக்கு, முதல் ஆண்டுகளின் ஆபத்தைக் கூடுதலாகவும் கடைசி ஆண்டுகளின் ஆபத்தைக் குறைவாகவும் காட்டும். இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும்: இந்த இலாபம் பலரின் சராசரிக்கு உரியது, தனி மனிதர் ஒருவருக்கு உரியது அன்று. ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற கணக்கிலும் நூறு பேரில் 74 பேர் பதினைந்து ஆண்டையும் கடந்துவிடுவார்கள். அந்த 74 பேரும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது 9.43 சதவீதம் கட்டியதாகவே உணர்வார்கள், கட்டாமல் தப்பிய 26 பேர் கூட்டத்துக்கு வந்து எதிர்வாதம் செய்யப்போவதில்லை.

பதினைந்து ஆண்டு என்ற எல்லை காரணியோடு சேர்ந்து பிறந்தது அன்று என்பதில்தான் ஓய்வூதியரின் முறையீட்டுக்கு உண்மையான வலு இருக்கிறது. தொகுத்த பகுதி ஆயுள் முழுவதும் பிடிக்கப்பட்டுவந்த நிலையில், 1986-இல் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினைந்து ஆண்டுக்குப் பின் முழு ஓய்வூதியம் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று நடைமுறையிலிருந்த பழைய அட்டவணை 4.75 சதவீத வட்டியில் கட்டப்பட்டது; அதில் 61 வயதுக்குரிய காரணி 9.81. அதே 12,000-க்கு அது 14.13 லட்சம் தந்திருக்கும், சமநிலை வீதம் ஆண்டுக்குச் சுமார் 6.3 சதவீதம். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2008 செப்டம்பரில் வந்த ஆணை, அட்டவணையை 8 சதவீதத்துக்கு மாற்றிக் காரணியை 8.194 ஆக்கியது, பதினைந்து ஆண்டை அது தொடவில்லை. கிடைக்கும் தொகை 2.33 லட்சம் குறைந்து, பிடிக்கும் காலம் மட்டும் அப்படியே நின்றதால், சமநிலை வீதம் 6.3-இலிருந்து 9.43-க்கு ஏறிவிட்டது. இரு எண்களில் ஒன்றை மட்டும் திருத்தினால் வீதம் எங்கே போகும் என்பதை யாராவது அன்று போட்டுப் பார்த்திருந்தால், இன்றைய வழக்குகளில் பலவற்றுக்கு இடமிருந்திராது.

ஓய்வூதியர் சங்கங்கள் கேட்டுவருவது பன்னிரண்டு ஆண்டு. கேரளம் தன் மாநில ஓய்வூதியருக்கு அந்த எல்லையைத்தான் பின்பற்றுகிறது. இதை 144 மாதமாக வைத்துக் கணக்கிட்டால் சமநிலை வீதம் சரியாக 7 சதவீதத்துக்கு இறங்குகிறது. கடைசி மூன்று ஆண்டின் பிடித்தம் கூட்டினால் 4.32 லட்சம், ஆனால் பன்னிரண்டாம் ஆண்டுக்கு அப்பால் வருவதால், 8 சதவீதக் கழிவில் அதன் இன்றைய மதிப்பு 1.53 லட்சம் மட்டுமே. கோரிக்கையை எழுதும் சங்கமும் அதற்குச் செலவு மதிப்பிடும் நிதித்துறையும் இந்த இரண்டு எண்களில் எதைக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால், பேச்சுவார்த்தையில் ஏன் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டுவதில்லை என்பது புரியும்.

பணவீக்கத்தைப் பற்றிய ஒரு குழப்பமும் இங்கே அடிக்கடி நேர்கிறது. விலைவாசிக்கு ஏற்ப வழங்கப்படும் அகவிலை நிவாரணம், தொகுத்தபின் குறைந்த ஓய்வூதியத்தின் மேல் அல்லாமல், தொகுப்பதற்கு முந்திய முழு ஓய்வூதியத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆகவே விட்டுக்கொடுக்கப்படுவது பதினைந்து ஆண்டும் அசையாத அதே 12,000 ரூபாய்தான். அசையாத ரூபாயைக் கழிக்க, வங்கி தரும் வட்டி வீதத்தை அப்படியே கொள்வதே முறை. அதிலிருந்து பணவீக்கத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கழிவு வீதமாக இட்டால், விட்டுக்கொடுப்பதன் மதிப்பு பெரிதும் மிகைப்பட்டுவிடும்.

வருமான வரி இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் திருப்பிவிடக்கூடியது. அரசு ஊழியர் தொகுத்துப் பெறும் தொகைக்கு வரி இல்லை. மாத ஓய்வூதியத்துக்கு உண்டு. மேல்வரியை விட்டுவிட்டால், 20 சதவீத அடுக்கில் இருப்பவர் விட்டுக்கொடுக்கும் 12,000-இல் அவர் கையில் நின்றிருக்கக்கூடியது 9,600-தான். அதை வைத்துக் கணக்கிட்டால் சமநிலை வீதம் 9.43-இலிருந்து சுமார் 5.6-க்கு விழுகிறது. வைப்பில் கிடைக்கும் 8 சதவீதத்துக்கும் அவர் வரி கட்ட வேண்டும் என்பதால் அது 6.4 ஆகும், அப்படியும் 5.6-ஐவிட அது மேல், ஆகவே இறப்பு வாய்ப்பைக் கணக்கில் கொள்ளாமலேகூட அவருக்குத் தொகுப்பது மேல். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியருக்கு 9.43 அப்படியே நிற்கிறது.

ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பவருக்கு மருத்துவப் பரிசோதனை இல்லை, அதைத் தாண்டி விண்ணப்பிப்பவருக்கு உண்டு என்பது விதி. விண்ணப்பதாரர்களில் பலர் இதை வெறும் அலுவலக முறைமையாக எண்ணுகிறார்கள், 1.3 சதவீதம் என்ற எல்லைக்கோட்டை அறிந்தவருக்கு அதன் காரணம் விளங்கும். காலவரம்பின்றி, பரிசோதனையின்றி இந்த வாய்ப்பு திறந்திருந்தால், உடல்நலம் கெட்டு, தம் இறப்பு வாய்ப்பு அந்தக் கோட்டுக்கு வெகு மேலே போய்விட்டதை உணர்ந்தவர்கள் அப்போது வந்து தொகுத்துப் பெறுவார்கள், நலமாக இருப்பவர்கள் வரமாட்டார்கள். எல்லோரின் சராசரி ஆயுளைக் கொண்டு கட்டப்பட்ட 8.194 என்ற விலையில் நோயுற்றவர்களுக்கு மட்டுமே விற்பனை நடக்கும். அதனால்தான் தாமதமாக வருபவரின் உடல்நிலையை மருத்துவக் குழு பார்க்கிறது. ஆயுள் குறையும் அளவுக்கு நோய் இருப்பதாகக் கண்டால், மெய்யான வயதோடு சில ஆண்டுகளைக் கூட்டி, அந்தக் கூடிய வயதுக்குரிய சிறிய காரணியால் பெருக்கும்படி பரிந்துரைக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது.